கேமரா இ.எம்.ஐ.யா, வாடகையா? முதல் வருஷம் எதை எடுக்கணும்னு நாள் கணக்கு சொல்லும்

வேலையில் இருந்துகொண்டே சின்னதாக ஒரு தொழில் ஆரம்பிப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், எக்யூப்மென்ட்டை இ.எம்.ஐ.ல வாங்கிடவா, இல்ல வாடகைக்கு எடுக்கவா? வாடகை கொடுத்தா காசு போச்சு, இ.எம்.ஐ.னா கடைசியில பொருள் நம்மளுதுதானே?"

என் பதிலை முதலிலேயே சொல்லிடறேன். தினமும் ஓடாத பொருளாக இருந்தால் முதல் 12 மாதம் வாடகைதான் சரி. அந்த 12 மாதத்தில் எத்தனை நாள் வாடகைக்கு எடுத்தீங்க என்ற கணக்கு, எதை எப்போ வாங்கணும்னு சொல்லிவிடும். ஏன் அப்படிச் சொல்றேன்னு ஒரே ஒரு உதாரணத்தை வைத்து முழுசாகப் பார்க்கலாம். நம்ம ஊரில் சம்பளக்காரர்கள் நிறைய பேர் சனி, ஞாயிறுகளில் செய்யும் தொழில்: கல்யாண போட்டோகிராபி.

கணக்குக்கு ஒரு ஆள்

கார்த்திக் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. வார இறுதியில் கேண்டிட் போட்டோகிராபி எடுக்க ஆரம்பிக்கிறார். அவருக்குத் தேவை ஒரு ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா பாடி, 24-70 எம்.எம். எஃப்2.8 லென்ஸ் ஒன்று, ஃப்ளாஷ், மெமரி கார்டு, பேட்டரி. பாடி, ஃப்ளாஷ் வகையறா 1,80,000 ரூபாய், லென்ஸ் 1,20,000 ரூபாய், மொத்தம் 3 லட்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே செட் வாடகைக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் என்று வைப்போம். அதில் லென்ஸுக்கு மட்டும் 1,000. உங்க ஊரில், உங்க மாடலுக்கு இந்த எண்கள் மாறும். மாற்றிப் போட்டுக்கோங்க, கணக்கு போடும் முறை மாறாது.

3 லட்சத்துக்குப் பர்சனல் லோன், 16% வட்டி, 24 மாதம். மாதத் தவணை 14,689 ரூபாய் வரும். இரண்டு வருஷத்தில் கட்டும் மொத்தம் சுமார் 3,52,500. அதாவது வட்டி மட்டும் 52,500. ப்ராசஸிங் ஃபீஸ் 2% என்றால் 6,000, அதற்கு 18% ஜி.எஸ்.டி. 1,080, ஆக 7,080. இன்ஷூரன்ஸ், சென்சார் க்ளீனிங், சர்வீஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 7,500 என்று வைத்தால் இரண்டு வருஷத்துக்கு 15,000. எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட 3,75,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

ஆனால் பொருள் கையில் இருக்கிறதே, அதையும் நியாயமாகக் கணக்கில் எடுக்கணும். இரண்டு வருஷம் கழித்து விற்றால் பாடிக்கு 70,000, லென்ஸுக்கு 80,000, மொத்தம் 1,50,000 கிடைக்கும் என்று வைப்போம். அதைக் கழித்தால், இரண்டு வருஷம் அந்த செட்டைச் சொந்தமாக வைத்திருக்க ஆகும் உண்மையான செலவு 2,25,000 ரூபாய்.

இதை நாள் வாடகையால் வகுங்க. 2,25,000 வகுத்தல் 3,000, விடை 75. இரண்டு வருஷத்தில் 75 நாள், அதாவது வருஷத்துக்குச் சுமார் 38 நாள். அதற்கு மேல் வேலை இருந்தால் வாங்கினது லாபம். அதற்குக் கீழே என்றால் வாடகை லாபம். "எது நல்லது" என்ற கேள்வி, "வருஷத்துக்கு 38 நாள் எனக்கு வேலை வருமா" என்ற கேள்வியாக மாறிவிட்டது. இதற்குப் பதில் சொல்வது ரொம்ப சுலபம். ஆனால் தொழில் ஆரம்பிக்கும் முன்னாடி அந்தப் பதில் யாருக்கும் தெரியாது. அதுதான் விஷயமே.

முதல் வருஷம் எப்படி இருக்கும்?

கார்த்திக்குக்கு முதல் வருஷத்தில் 11 ஆர்டர் வருகிறது என்று வைப்போம். புதுசாக வந்த ஒருவருக்கு அது மோசமில்லை. அதில் 8 கல்யாணம், ரிசப்ஷன் ஒரு நாள், முகூர்த்தம் மறுநாள் என்று இரண்டிரண்டு நாள். மீதி 3 ஒரு நாள் நிகழ்ச்சி: காதுகுத்து, சீமந்தம் மாதிரி. மொத்தம் 19 நாள். ஒரு நாளைக்கு 12,000 ரூபாய் வாங்குகிறார். வரவு 2,28,000. பெட்ரோல், அசிஸ்டென்ட் சம்பளம், எடிட்டிங் செலவு 60,000 போக 1,68,000 நிற்கிறது.

வாடகைக்கு எடுத்திருந்தால் 19 நாளுக்கு 57,000 போயிருக்கும். கையில் மிச்சம் 1,11,000.

இ.எம்.ஐ.யில் வாங்கியிருந்தால் முதல் வருஷத்தில் 12 தவணை 1,76,268, ப்ராசஸிங் ஃபீஸ் 7,080, இன்ஷூரன்ஸ் சர்வீஸ் 7,500. மொத்தம் 1,90,848. அதாவது தொழிலில் வந்ததெல்லாம் போய், சம்பளத்திலிருந்து 22,848 ரூபாய் எடுத்துப் போட்டிருப்பார். சனி, ஞாயிறு தூக்கத்தை விட்டு உழைத்ததற்கு மேலே இது.

"ஆனா கேமரா இருக்கே சார்" என்று கேட்பீங்க. சரி, அதையும் பார்ப்போம். ஒரு வருஷம் ஓடிய செட்டுக்கு 2,10,000 கிடைக்கும் என்று தாராளமாகவே வைக்கிறேன். லோனில் அந்த நேரத்தில் பாக்கி சுமார் 1,62,000 இருக்கும். ஆக அவருக்குச் சொந்தமான மதிப்பு 48,000. அதையும் சேர்த்தால், வாங்கின கார்த்திக் சுமார் 25,000 ரூபாய் மேலே நிற்கிறார். வாடகை கார்த்திக் 1,11,000 மேலே நிற்கிறார்.

வீட்டு வாடகையையும் கேமரா வாடகையையும் ஒரே தராசில் வைக்கிறதுதான் இங்கே நடக்கும் குழப்பம். வீடு வாங்கினால் அடியில் நிலம் இருக்கு, விலை ஏறலாம். கேமரா பாடியின் விலை ஏறவே ஏறாது. அடுத்த மாடல் வந்த அன்றே உங்க பழைய மாடலின் செகண்ட் ஹேண்ட் விலை இறங்கும்.

ஆடி மாசத்துக்கு இ.எம்.ஐ. விடுமுறை கிடையாது

இன்னொரு கணக்கும் இருக்கு. 38 நாள் என்பது லாப நஷ்டக் கணக்கு. கையில் பணம் புரளும் கணக்கு வேற. தவணை 14,689 என்றால், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 5 நாள் வாடகைக்குச் சமம். லாபக் கணக்கு மாதம் 3 நாள் போதும் என்கிறது. பணக் கணக்கு 5 நாள் கேட்கிறது. காரணம், கேமராவை விற்றால் வரும் அந்த ஒன்றரை லட்சம் இரண்டு வருஷம் கழித்துத்தான் வரும். தவணையோ மாசா மாசம் போகும்.

நம்ம ஊர் கல்யாணத் தொழில் மாசா மாசம் ஒரே மாதிரி ஓடாது. ஆடியில் முகூர்த்தம் இல்லை. மார்கழியில் இல்லை. புரட்டாசியில் நிறைய வீடுகளில் வைப்பதில்லை. தை, வைகாசி, ஆவணியில் ஒரே வாரத்தில் மூன்று அழைப்பு வரும். வாடகைச் செலவு இதோடு சேர்ந்தே ஏறி இறங்கும்: வேலை இல்லாத மாசம் வாடகையும் இல்லை. இ.எம்.ஐ.க்குப் பஞ்சாங்கம் தெரியாது.

இதனால் நடக்கும் இன்னொரு விஷயத்தை க்ளையன்ட்டுகளிடம் நான் பார்க்கிறேன். தவணைத் தேதி நெருங்கும்போது, 12,000 கேட்க வேண்டிய வேலையை 7,000-க்கு ஒத்துக்கொள்கிறார்கள். "சும்மா இருக்கறதுக்கு இது வந்தா போதும்." அந்த விலை ஒரு வீட்டுக்குத் தெரிந்தால், அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்கும் அதே விலைதான். வாடகைக்கு எடுப்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. 3,000 வாடகை கண்ணெதிரே தெரிவதால், அதற்கு மேல் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசித்துத்தான் விலை சொல்வார்.

"டாக்ஸ் மிச்சமாகும்ல?"

சம்பளக்காரர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கேமரா வாங்கினால் அந்தச் செலவைக் காட்டி, சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. அப்படி இல்லை.

முதலில், தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டால், அந்த நஷ்டத்தை அடுத்த 8 வருஷம் வரை தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இரண்டாவது, தவணை முழுக்கச் செலவாகாது. அதில் வட்டிப் பகுதி மட்டும்தான் செலவு. அசலுக்குப் பதிலாக தேய்மானம் கிடைக்கும், கேமராவுக்கு அது வருஷத்துக்கு 15%. 3 லட்சத்துக்கு 45,000. வாங்கின வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதி, 22,500. கார்த்திக் ஏப்ரல் மாதமே வாங்கியிருந்தாலும், தவணையாக 1,76,268 கட்டி, செலவாகக் காட்ட முடிவது வட்டியும் தேய்மானமும் சேர்ந்து சுமார் 83,000 மட்டும். வாடகை என்றால் கொடுத்த தொகை முழுக்க அந்த வருஷச் செலவு.

மூன்றாவது, வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் பிரிசம்ப்டிவ் முறையில் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. அதில் வாடகை, வட்டி, தேய்மானம் எல்லாமே ஏற்கெனவே கழிந்துவிட்டதாகத்தான் அர்த்தம். தனியாக எதையும் கழிக்க முடியாது. ஆக, வரியைக் காரணமாக வைத்து வாங்காதீங்க.

நோ காஸ்ட் இ.எம்.ஐ., அப்புறம் ஹோம் லோன்

"வட்டியே இல்லாம நோ காஸ்ட் இ.எம்.ஐ. தர்றாங்களே" என்பது அடுத்த கேள்வி. கிரெடிட் கார்டில் அது பொதுவாக எப்படி நடக்கிறது என்றால், வட்டித் தொகை அளவுக்குப் பொருள் விலையில் தள்ளுபடி கொடுத்துவிட்டு, பேங்க் வழக்கம் போல வட்டி போடும். அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உங்க ஸ்டேட்மென்ட்டில் வரும், ப்ராசஸிங் ஃபீஸும் வரும். அதனால் கடையில் ஒரு கேள்வி கேளுங்க: "முழுப் பணமும் இப்பவே கொடுத்தா என்ன விலை?" அந்த விலைக்கும் இ.எம்.ஐ. மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான வட்டி. மேலே சொன்ன கணக்கில் 16%-க்குப் பதில் அதைப் போடுங்க. என் உதாரணத்தில் வட்டியும் ஃபீஸும் சுத்தமாகவே இல்லை என்று வைத்தாலும், செலவு 1,65,000. வாங்கினது லாபமாக வருஷத்துக்கு 27, 28 நாளாவது வேணும். கார்த்திக்கின் 19 நாள் அப்பவும் எட்டாது.

இன்னொன்று சம்பளக்காரர்களுக்கே உரியது. இந்த லோன் உங்க சொந்தப் பெயரில் இருக்கு. அடுத்த வருஷம் ஹோம் லோனுக்குப் போனால், சம்பளத்தில் ஏற்கெனவே எவ்வளவு தவணை போகிறது என்று பேங்க் பார்க்கும். 8.5% வட்டி, 20 வருஷம் என்றால் ஒரு லட்சம் ஹோம் லோனுக்குத் தவணை சுமார் 868 ரூபாய். உங்க 14,689 ரூபாய், கிட்டத்தட்ட 17 லட்சம் ஹோம் லோன் கட்டும் சக்தியைப் பிடித்து வைத்திருக்கிறது. வீடு வாங்கும் யோசனை இருந்தால் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்க.

வாடகையிலும் குறை உண்டு

வாடகையை ஒரேயடியாகப் புகழவில்லை. அதில் பெரிய ஆபத்து, உங்களுக்கு வேலை இருக்கும் அன்றுதான் எல்லாருக்கும் வேலை இருக்கும். பெரிய முகூர்த்த நாளில் கடையில் கேட்டால் "ஸ்டாக் இல்ல சார்" என்பார்கள். அதனால் ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்கின அன்றே கடையில் புக் பண்ணி, ரசீதோ மெசேஜோ எழுத்தில் வாங்கிக்கோங்க. இன்னொரு கடையின் எண்ணும் கையில் இருக்கட்டும்.

ஒரு நாள் என்றால் என்ன என்று முதலிலேயே கேளுங்க. மாலை 4 மணிக்கு எடுத்து மறுநாள் பகல் 2 மணிக்குத் திருப்பினால், 24 மணி நேரக் கணக்கில் ஒரு நாள். தேதிக் கணக்கில் இரண்டு நாள். ரிசப்ஷனும் முகூர்த்தமும் எடுப்பவருக்கு இந்த ஒரு கேள்வியால் வாடகை பாதியாகலாம். 24 மணி நேரக் கணக்கு கிடைத்தால் வாங்குவதற்குத் தேவையான நாளும் அதற்கேற்ப இன்னும் தள்ளிப்போகும்.

எடுக்கும்போது கடையிலேயே லென்ஸின் முன், பின் கண்ணாடி, மவுன்ட், ஸ்க்ரீன் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுங்க. வெள்ளைச் சுவரை எஃப்16-ல் ஒரு படம் எடுத்து ஸூம் பண்ணிப் பாருங்க, சென்சாரில் தூசி இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். திருப்பும்போது "இந்தக் கீறல் நீங்க போட்டது" என்று டெபாசிட்டில் பிடித்தால், அந்த வீடியோதான் உங்களுக்குச் சாட்சி. கீழே விழுந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு வரை என்பதையும் எழுத்தில் கேளுங்க. இதற்கெல்லாம் அலைச்சல் உண்டு. எடுக்க ஒரு தடவை, கொடுக்க ஒரு தடவை. அந்த நேரத்துக்கும் ஒரு விலை போட்டு நாள் வாடகையில் சேர்த்துக்கொள்வது நேர்மையான கணக்கு. 500 ரூபாய் சேர்த்தால் 38 நாள் என்பது 32 ஆகும். அப்பவும் 19 நாளுக்கு வாடகைதான்.

எதை முதலில் வாங்கணும்?

முழு செட்டும் வாங்கணும், இல்லை முழு செட்டும் வாடகை என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பொருள் பொருளாகப் பிரிச்சுப் பாருங்க. லென்ஸை மட்டும் எடுங்க. சேமிப்பிலிருந்து 1,20,000 கொடுத்து வாங்கி, இரண்டு வருஷம் கழித்து 80,000-க்கு விற்றால் செலவு 40,000. நாள் வாடகை 1,000. ஆக 40 நாள், வருஷத்துக்கு 20 நாள் போதும். கார்த்திக் முதல் வருஷத்திலேயே 19 நாள் வந்துவிட்டார். பாடி சீக்கிரம் பழசாகும், லென்ஸ் மெதுவாகத்தான் பழசாகும், அதனால் இந்த வித்தியாசம். மெமரி கார்டும் பேட்டரியும் எப்பவும் சொந்தமாக இருக்கட்டும். வேற யாரோ போட்டுத் தேய்ந்த கார்டில் ஒரு வீட்டுக் கல்யாணத்தை நம்பி வைக்காதீங்க.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. முதல் வருஷம் வாடகை. ஒரு நோட்டில் தேதி, என்ன எடுத்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்க என்று மூணே மூணு காலம் போட்டு எழுதுங்க. வாடகையில் மிச்சமான பணத்தைத் தனி அக்கவுன்ட்டில் போடுங்க. இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் அந்தப் பணத்தில் லென்ஸை வாங்குங்க, ரொக்கமாக. பாடியைத் தொடர்ந்து வாடகைக்கு எடுங்க. கடந்த 12 மாதத்தில் பாடி வாடகை நாட்கள் உங்க கணக்கில் வரும் எல்லையைத் தாண்டினால் பாடியையும் வாங்குங்க. அப்போ இ.எம்.ஐ.யில் வாங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, மூன்று மாசத் தவணை தனியாக எடுத்து வைத்திருந்தால். ஆடியும் மார்கழியும் அதில் ஓடிவிடும்.

எல்லாத் தொழிலுக்கும் வாடகை என்று நான் சொல்லவில்லை. பேக்கரி அவன், தையல் மெஷின் மாதிரி மாதத்தில் 25 நாள் ஓடும் பொருளாக இருந்தால், அந்த எல்லையைச் சில மாசத்திலேயே தாண்டிவிடுவீங்க. அங்கே வாங்குவதுதான் சரி. ஆனால் உங்க பொருள் வாரத்தில் ஐந்து நாள் அலமாரியில் தூங்கப் போகிறது என்றால், அது தூங்கும் நாளுக்கும் சேர்த்து 16% வட்டி கட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கடைக்குப் போவதற்கு முன்னாடி நாலு எண்களை மட்டும் பேப்பரில் எழுதுங்க: மொத்தம் கட்டப்போகும் தொகை, விற்றால் கிடைக்கும் தொகை, ஒரு நாள் வாடகை, போன வருஷம் உண்மையில் வேலை செய்த நாட்கள். நாலாவது எண் உங்களிடம் இன்னும் இல்லை என்றால், நீங்க இப்போதைக்கு வாடகைக்காரர்தான்.